மாத அறிக்கையில் விடுபட்ட எண்கள்: எதை நிரப்புவது, எதை மதிப்பிடுவது, எதைக் காலியாக விடுவது

மாதக் கடைசியில் அறிக்கைத் தாளைத் திறந்தால் சில கட்டங்கள் காலியாக இருக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: எல்லாக் காலிக்கும் சராசரியைப் போடுகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் சுழியம் ஆக்குகிறார்கள். இரண்டிலும் தாள் நிறைந்துவிடும், கூட்டுத்தொகையும் வந்துவிடும். ஆனால் அந்தத் தொகை எதைச் சொல்கிறது என்று பிறகு யாராலும் விளக்க முடியாது.

ஒரு காலிக் கட்டத்தை என்ன செய்வது என்பதை அது எத்தனை நாள் காலியாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஏன் காலியானது என்பதுதான் முடிவு செய்யும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றியே போகின்றன. வரிசையை மாற்ற வேண்டாம். முக்கியமாக, மூன்றாம் படி முடியாமல் நான்காவதற்குப் போக வேண்டாம்.

எல்லாப் படிக்கும் ஒரே ஆலையை எடுத்துக்கொள்வோம். பெட்டிகளில் சரக்கை அடைக்கும் ஓர் ஆலை. மூன்று லைன், ஒரு நாளைக்கு எட்டு மணி நேர ஷிப்ட் இரண்டு. 30 நாள் மாதத்தில் 26 வேலை நாள், ஆக ஒரு லைனுக்கு 52 ஷிப்ட். ஒரு லைன் ஒரு ஷிப்டில் வழக்கமாக 520 பெட்டி வரை அடைக்கும். மாதம் முழுவதும் சேர்த்து சுமார் 78,000 பெட்டி. கணக்குகள் விளக்கத்துக்காக அமைத்தவை. வழிமுறை எந்த ஆலைக்கும், கிடங்குக்கும், சேவை மையத்துக்கும் அப்படியே பொருந்தும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் மூலப் பதிவுகள்: ஷிப்ட் தாள், மீட்டர் ரீடிங் புத்தகம், கிடங்கு இருப்புப் பதிவேடு, வெளியே போன சரக்கின் சீட்டுகள், பராமரிப்புப் பதிவு. அறிக்கைத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாக் காலிக் கட்டமும் ஒன்றுபோலவே தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது மூலப் பதிவுதான்.

அடுத்து, ஒவ்வொரு எண் பத்திக்கும் பக்கத்தில் ஒரு நிலைப் பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து சொற்களில் ஒன்றுதான் வர வேண்டும்: அளவு, மீட்பு, மதிப்பீடு, காலி, பொருந்தாது. நிறம் தீட்டி அடையாளம் வைப்பது போதாது. தாளை நகலெடுத்து வேறு கோப்பில் ஒட்டும்போது நிறம் போய்விடலாம். நிறத்தை வைத்துச் சூத்திரத்தால் எண்ணவும் முடியாது.

மூன்றாவதாக, இந்த மாதத்தின் இலக்கு எண்ணைக் கண்ணில் படாமல் வைத்துவிடுங்கள். கழிவுக்கான இலக்கு 3,300 கிலோ என்று தெரிந்த பிறகு செய்யும் மதிப்பீடு, செய்பவருக்கே தெரியாமல் 3,300-ஐ நோக்கி நகரும். நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும். அதனால் மதிப்பீடுகள் முடிந்த பிறகே இலக்கோடு ஒப்பிட வேண்டும்.

## 2. சுழியம், பொருந்தாது, காலி: மூன்றையும் பிரிக்கவும்

பராமரிப்புக்காக லைன் 1 ஒரு நாள் முழுவதும் நிறுத்தப்பட்டது என்று வையுங்கள். அன்று அந்த லைனின் உற்பத்தி சுழியம். இது உண்மையான எண், நிலைப் பத்தியில் ‘அளவு’ என்றே எழுத வேண்டும். அதே நாளில் அந்த லைனின் பழுது விகிதத்துக்கு எண்ணே கிடையாது. பெட்டியே இல்லாதபோது நூற்றுக்கு எத்தனை பழுது என்ற கேள்வி எழுவதில்லை. அது ‘பொருந்தாது’. லைன் ஓடியும் தாள் வந்து சேரவில்லை என்றால்தான் அது ‘காலி’.

இந்த மூன்றும் குழம்பினால் என்ன ஆகும் என்பதைச் சராசரியில் பார்க்கலாம். எக்செலின் `AVERAGE` காலிக் கட்டத்தை விட்டுவிடும், சுழியத்தைச் சேர்த்துக்கொள்ளும். பொருந்தாத ஒரு நாளுக்குச் சுழியம் போட்டால் பழுது விகிதம் அந்த மாதம் குறைந்துவிட்டதுபோலத் தெரியும். லைன் எவ்வளவு நேரம் நின்றிருந்ததோ அவ்வளவு நல்ல எண் வரும்.

இன்னொரு பொறி இணைப்புச் சூத்திரத்தில் இருக்கிறது. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு வெறுமனே `=Sheet1!C7` என்று இணைத்தால், அங்கே காலியாக இருப்பது இங்கே 0 என்று வரும். அறிக்கையில் விளங்காத சுழியங்களைக் கண்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இப்படி எழுதினால் காலி காலியாகவே வரும்:

```
=IF(Sheet1!C7="","",Sheet1!C7)
```

ஷிப்ட் தாளை நிரப்புபவர்களிடமும் ஒரு பழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் கோடு போடக் கூடாது, 0 என்று எழுத வேண்டும். கோடு என்றால் ‘இல்லை’யா, ‘தெரியவில்லை’யா என்று மாதக் கடைசியில் யாராலும் சொல்ல முடியாது.

## 3. ஏன் காலியானது என்று கண்டுபிடிக்கவும்

வழிகாட்டியின் மையம் இந்தப் படிதான். ஒவ்வொரு காலிக்கும் ஒரு கேள்வி: பதிவு விடுபட்டதற்கும் அந்த எண்ணின் அளவுக்கும் தொடர்பு உண்டா?

கழிவு எடை போடும் தராசு பழுதாகி, சரிசெய்ய அனுப்பப்பட்டதால் மூன்று நாள் இல்லை. தராசு கெட்டதற்கும் அந்த நாட்களில் எவ்வளவு கழிவு வந்தது என்பதற்கும் தொடர்பு இல்லை. அந்த மூன்று நாளும் மற்ற நாட்களைப் போன்றவையே என்று நம்பக் காரணம் இருக்கிறது. இது மதிப்பிடத்தக்க காலி.

இப்போது லைன் 3-ஐப் பாருங்கள். லைன் நின்ற நேரத்துக்கான பதிவு நான்கு ஷிப்டுக்கு இல்லை. மீதி 48 ஷிப்டில் சராசரியாக 35 நிமிடம் நின்றிருக்கிறது, மொத்தம் 1,680 நிமிடம். காலியான நான்குக்கும் 35 போட்டால் 1,820 ஆகும். பெரும்பாலானோர் இங்கே நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த நான்கு ஷிப்டின் உற்பத்தியை எடுத்துப் பாருங்கள்: 310, 290, 350, 330. வழக்கமான 520 எங்கே, இது எங்கே!

என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. லைன் மறுபடி மறுபடி நின்றிருக்கிறது. ஆட்கள் எல்லோரும் அதைச் சரிசெய்ய ஓடியிருக்கிறார்கள், தாளில் நேரம் குறிக்க யாருக்கும் கை ஒழியவில்லை. அதாவது நின்ற நேரம் அதிகமாக இருந்ததால்தான் நின்ற நேரத்தின் பதிவே இல்லை. சாதாரண நாட்களின் சராசரியை இங்கே போடுவது, மாதத்தின் மிக மோசமான நான்கு ஷிப்டைச் சாதாரணமானவை என்று எழுதுவதாகும்.

எவ்வளவு தவறும் என்று தோராயமாகப் பார்க்கலாம். ஷிப்ட் 480 நிமிடம், இடைவேளையிலும் ஆள் மாற்றி லைன் ஓடும். 35 நிமிடம் நின்றால் 445 நிமிடத்தில் 520 பெட்டி, நிமிடத்துக்கு 1.17 அளவு. அந்த வேகத்தில் 310 பெட்டிக்கு சுமார் 265 நிமிடம் போதும், மீதி 215 நிமிடம் நின்றிருக்கலாம். நான்கு ஷிப்டுக்கும் இப்படிப் பார்த்துக் கூட்டினால் 825 நிமிடம் வருகிறது. மாத மொத்தம் 2,505. சராசரி போட்டு நிரப்பிய 1,820-க்கும் இதற்கும் 685 நிமிட வித்தியாசம், பதினோரு மணி நேரத்துக்கும் மேல்.

இந்த 2,505-ஐ அறிக்கையில் போட்டுவிடலாமா என்றால், கூடாது. லைன் நிற்காமல் மெதுவாக ஓடியிருந்தாலும் பெட்டி குறைந்திருக்கும். உற்பத்தி எண்ணை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எனவே இது ஓர் உச்ச வரம்பு போன்றதே. கட்டம் காலியாகவே இருக்க வேண்டும். என்ன எழுதுவது என்பது ஏழாம் படியில் வருகிறது.

காலிக்கும் எண்ணுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கச் சுருக்கமான வழி ஒன்று உண்டு. காலியான நாட்களைத் தனியாக எடுத்து, அதே நாட்களில் பதிவாகியிருக்கும் வேறொரு எண்ணோடு ஒப்பிடுங்கள். உற்பத்தி, வருகை, எந்த ஷிப்ட், எந்தக் கிழமை, யார் பொறுப்பில் என்று எதுவாகவும் இருக்கலாம். காலி நாட்கள் மற்ற நாட்களைப் போலவே இருந்தால் மதிப்பீட்டுக்கு வழி இருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் சராசரியைத் தொட வேண்டாம்.

## 4. மதிப்பிடும் முன் மீட்கப் பாருங்கள்

விடுபட்ட எண் பல நேரங்களில் தொலைந்திருப்பதில்லை, வேறொரு பதிவேட்டில் இருக்கும். அதை எடுத்துப் போடுவது மீட்பு. மதிப்பீட்டுக்கும் மீட்புக்கும் உள்ள வேறுபாடு முக்கியம்: மீட்பில் உண்மையில் நடந்ததன் தடயம் இருக்கிறது, மதிப்பீட்டில் வழக்கம் மட்டுமே இருக்கிறது.

இருப்புக் கணக்கிலிருந்து மீட்பது. 17-ஆம் தேதி இரவு ஷிப்டில் லைன் 2-இன் தாள் காணவில்லை. அன்று காலை கிடங்கில் 6,240 பெட்டி. அன்று வெளியே போனது 2,900. உடைந்து கழித்தது 20. இரவு ஷிப்ட் முடிந்ததும் எண்ணிய இருப்பு 6,340. ஆகவே அன்று கிடங்குக்குள் வந்தது:

```
6340 - 6240 + 2900 + 20 = 3020
```

பகல் ஷிப்டில் மூன்று லைனும் சேர்ந்து 1,540. இரவில் லைன் 1 அடைத்தது 505, லைன் 3 அடைத்தது 490. இவற்றைக் கழித்தால் 485. லைன் 2-இன் இரவு உற்பத்தி இதுதான்.

இதை நம்பும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, இந்தக் கணக்கில் தெரியாத எண் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். அன்றே லைன் 3-இன் தாளும் தொலைந்திருந்தால் இரண்டும் சேர்ந்து 975 என்று மட்டுமே சொல்ல முடியும். ஆலையின் மொத்தத்துக்கு அது போதும், லைன்வாரி எண்ணுக்குப் போதாது. அப்போது மொத்தத்தை நிரப்பிவிட்டு இரண்டு லைன் கட்டங்களையும் காலியாக விடலாம். பாதிப் பாதியாகப் பிரித்துப் போட வேண்டாம்.

இரண்டு, மற்றப் பதிவுகளில் உள்ள பிழைகள் எல்லாம் கடைசியில் வந்து குவிவது இந்த மீட்ட எண்ணில்தான். கிடங்கில் 40 பெட்டி குறைத்து எண்ணியிருந்தால் லைன் 2 தலையில் 40 குறையும். எனவே எல்லாத் தாளும் இருக்கும் பத்து நாட்களை எடுத்து, இருப்புக் கணக்கு சொல்வதையும் தாள் சொல்வதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 12 பெட்டிக்குள் இருந்தால் 485-ஐ மீட்பு என்றே குறிக்கலாம். நாளுக்கு நாள் 150 பெட்டி விலகுகிறது என்றால் இந்த ஆலையில் இருப்பு எண்ணிக்கை சரியில்லை. அதிலிருந்து எடுத்த எண்ணுக்கு மதிப்பீட்டின் மரியாதைதான்.

ஓடும் மீட்டரிலிருந்து மீட்பது. மின் மீட்டர், தண்ணீர் மீட்டர், இயந்திரத்தின் எண்ணி எல்லாம் கூட்டிக்கொண்டே போகும். இடையில் ரீடிங் விடுபட்டாலும் மாத மொத்தத்துக்கு எதுவும் ஆகாது. மாத முதல் ரீடிங்கும் கடைசி ரீடிங்கும் இருந்தால் போதும். இது தெரியாமல் நாள் கட்டங்களைக் கூட்டி மாத மொத்தம் எடுக்கும் தாள்கள்தான் வீணாகச் சிக்கலில் மாட்டுகின்றன.

10-ஆம் தேதி இரவு ரீடிங் 248,600. பிறகு 14-ஆம் தேதி இரவுதான் குறித்திருக்கிறார்கள்: 258,600. நான்கு நாளில் 10,000 யூனிட், இது அளந்த எண். நாள்வாரி வேண்டும் என்றால் மட்டுமே பிரிக்க வேண்டியிருக்கும். சமமாக 2,500 என்று பிரிப்பதைவிட, சரக்கு ஓடாமலே செலவாகும் அடிப்படை மின்சாரத்தை முதலில் ஒதுக்குவது சரி. விடுமுறை நாள் ரீடிங்கில் அது தெரியும். நாளைக்கு 700 யூனிட் என்றால் நான்கு நாளுக்கு 2,800. மீதி 7,200-ஐ அந்த நான்கு நாளின் 12,000 பெட்டிக்குப் பங்கிட்டால் பெட்டிக்கு 0.6. அப்போது 3,000 பெட்டி அடைத்த நாளுக்கு 2,500, 3,200 அடைத்த நாளுக்கு 2,620, 2,800 அடைத்த நாளுக்கு 2,380 யூனிட்.

இடைவெளிக்குள் ஒரு விடுமுறை நாள் இருந்தால்தான் சமமாகப் பிரிப்பதன் கேடு முழுதாகத் தெரியும். 700 செலவான நாளுக்கு 2,000-க்கும் மேல் விழும், விடுமுறையில் யார் இயந்திரத்தை ஓட்டினார்கள் என்ற விசாரணை கிளம்பும்.

இங்கே நாள் கட்டங்களின் நிலை ‘மதிப்பீடு’, மாத மொத்தத்தின் நிலை ‘அளவு’. ஒரே பத்தியில் இரண்டு நிலை வருவது புதியவர்களுக்கு விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் சரி. விதிவிலக்கு மாத எல்லையில் வருகிறது. 30-ஆம் தேதி ரீடிங் விடுபட்டு அடுத்த மாதம் 2-ஆம் தேதி எடுத்திருந்தால், அந்த இடைவெளியை இரண்டு மாதத்துக்கும் பிரித்தாக வேண்டும், மொத்தத்திலும் மதிப்பீடு நுழைந்துவிடும். மாதத்தில் ஒரே ஒரு ரீடிங்கைத்தான் கட்டாயமாக்க முடியும் என்றால் கடைசி நாள் ரீடிங்கைக் கட்டாயமாக்குங்கள்.

## 5. மதிப்பீட்டைச் சோதித்துப் பார்த்துச் செய்யவும்

மீட்க வழியில்லை, காலிக்கும் எண்ணுக்கும் தொடர்பும் இல்லை. அப்போதுதான் மதிப்பீடு. தராசு பழுதான மூன்று நாளின் கழிவு இந்த வகை.

கழிவு பெட்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும். எனவே நாள் சராசரியை எடுக்காமல், தெரிந்த 23 நாளிலும் ஆயிரம் பெட்டிக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட்டு நடு எண்ணை, அதாவது `MEDIAN`, எடுங்கள். சராசரியை விட்டு நடு எண்ணை எடுப்பதற்குக் காரணம், ஒருநாள் மூட்டை கிழிந்து கொட்டிய கழிவு சராசரியை இழுத்துவிடும், நடு எண்ணை அவ்வளவாக அசைக்காது. ஆயிரத்துக்கு 42 கிலோ என்று வந்தது. தராசு இல்லாத மூன்று நாளில் 2,950, 3,050, 3,000 பெட்டி. அப்படியானால் 124, 128, 126 கிலோ. மொத்தம் 378.

இனி சோதனை. எண் தெரிந்த 23 நாட்களிலும் எண்ணை மூடி வைத்துவிட்டு, இதே 42-ஐக் கொண்டு மதிப்பிட்டு, உண்மையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலான நாளில் 9 கிலோவுக்குள் தவறியது, மிக மோசமான நாளில் 21 கிலோ தவறியது என்று வையுங்கள். மூன்று நாளும் அந்த மோசமான அளவே, அதுவும் ஒரே பக்கமாகத் தவறினாலும் 63 கிலோ. கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாத மதிப்பீடு எவ்வளவு நம்பத்தக்கது என்று செய்தவருக்கே தெரியாது.

எதைக் கொண்டு மதிப்பிடுவது என்பதில் ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணை இயக்கும் இன்னொரு எண் அதே நாளுக்கு இருந்தால் அதுவே முதல். இல்லாவிட்டால் அதே கிழமையின், அதே ஷிப்டின் நடு எண். இரண்டும் கிடைக்காதபோது மட்டும் மாதத்தின் நடு எண். முந்தைய நாளின் எண்ணை அப்படியே இழுத்துப் போடுவது, இருப்பு, பணியாளர் எண்ணிக்கை போல மெதுவாக மாறும் எண்களுக்கு மட்டும் தகும். உற்பத்திக்கும் கழிவுக்கும் தகாது.

ஏற்கெனவே மதிப்பிட்ட எண்ணை அடுத்த மதிப்பீட்டின் அடிப்படையில் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் எண்கள் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டு ஏற்ற இறக்கம் குறைந்ததுபோலத் தெரியும், சோதனையும் பொய்யாகத் தேறும். கணக்கில் ‘அளவு’, ‘மீட்பு’ என்ற நிலை உள்ள நாட்களை மட்டும் எடுங்கள்.

## 6. மதிப்பிடவே கூடாத எண்கள்

விபத்து, புகார், திருப்பி அனுப்பிய சரக்கு, தரக்கட்டுப்பாட்டில் நிறுத்தி வைத்த தொகுதி: இவற்றை ஒருபோதும் மதிப்பிட வேண்டாம். ஒவ்வொன்றும் தனி நிகழ்வு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆளோ வாடிக்கையாளரோ இருக்கிறார். ‘1.4 விபத்து’ என்று எழுதுவதில் பொருளே இல்லை. ஒரு வாரப் பதிவேடு கிடைக்கவில்லை என்றால் அந்த வாரம் காலி. அறிக்கையில் ‘மூன்று வாரத்தில் 2’ என்று எழுத வேண்டும். ‘மாதத்தில் 2’ என்று எழுதினால் கிடைக்காத வாரத்தில் எதுவும் நடக்கவில்லை என்று சொன்னதாகிவிடும்.

ஊக்கத்தொகையோ அபராதமோ எந்த எண்ணைப் பொறுத்து முடிவாகிறதோ, அதையும் மதிப்பிட வேண்டாம். எவ்வளவு நல்ல மதிப்பீடாக இருந்தாலும் ஒருவருக்குச் சாதகமாகவும் இன்னொருவருக்குப் பாதகமாகவும் முடியும். அந்தச் சச்சரவைத் தீர்க்கத் தாளில் ஆதாரம் இருக்காது.

## 7. கூட்டுத்தொகையும் விகிதமும்

ஒரு கட்டம் காலி என்று முடிவானதும் வேலை முடிந்ததாக நினைப்பதுதான் அடுத்த தவறு. `SUM` காலியைக் கண்டுகொள்ளாமல் கூட்டும். பார்ப்பவருக்கு அது முழு மாத எண்ணாகவே தெரியும். காலி இருக்கும்போது மொத்தமே வராதபடி சூத்திரத்தை அமைத்தால், யாராவது முடிவெடுத்தே தீர வேண்டிய நிலை வரும்:

```
=IF(COUNT(C2:C53)<ROWS(C2:C53),"முழுமையல்ல",SUM(C2:C53))
```

லைன் 3-இன் நின்ற நேரத்துக்கு அறிக்கையில் இப்படி எழுதலாம்: ‘52-இல் 48 ஷிப்டுக்கு 1,680 நிமிடம். விடுபட்ட 4 ஷிப்டிலும் உற்பத்தி வழக்கத்தில் சுமார் ஐந்தில் மூன்று பங்கே. உண்மை மொத்தம் இதைவிடக் கணிசமாக அதிகம்.’ படிப்பவர் எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்துகொள்வார். சென்ற மாதத்தோடு ஒப்பிட்டு ‘குறைந்திருக்கிறது’ என்று சொல்லவும் மாட்டார்.

விகிதங்களில் தவறு இன்னும் மறைவாக நடக்கும். இரண்டு நாளின் பரிசோதனைத் தாள் இல்லை. மீதி 24 நாளில் 72,000 பெட்டியில் 1,080 பழுது, ஆக 1.5 சதவீதம். ஆனால் தாளில் மேலே பழுதின் கூட்டல் 24 நாளுக்கும், கீழே பெட்டியின் கூட்டல் 26 நாளுக்கும் இருக்கிறது. 1,080-ஐ 78,000-ஆல் வகுத்தால் 1.38 வருகிறது. தாள் தொலைந்ததால் தரம் உயர்ந்துவிட்டது! மேல் எண் காலியான நாளில் கீழ் எண்ணையும் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். பழுது B பத்தியிலும் பெட்டி C பத்தியிலும் இருந்தால்:

```
=SUM(B2:B27)/SUMIFS(C2:C27,B2:B27,"<>")
```

ஒன்றைக் கவனியுங்கள்: `"<>"` என்பது உண்மையிலேயே காலியான கட்டத்தைத்தான் விலக்கும். B பத்தியில் வெற்று எழுத்தைத் தரும் இணைப்புச் சூத்திரங்கள் இருந்தால் நிபந்தனையை `">=0"` என்று மாற்றுங்கள். பழுது சுழியமான நாள் கணக்கில் இருக்கும், எண் இல்லாத நாள் மட்டும் போகும்.

விகிதத்தையே மதிப்பிட்டு நிரப்புவதும், நாள் விகிதங்களைச் சராசரி எடுப்பதும் வேண்டாம். 500 பெட்டி ஓடிய நாளும் 3,200 பெட்டி ஓடிய நாளும் சமமாக எடை பெற்றுவிடும்.

வரைபடத்தில் வேறொரு சிக்கல். சூத்திரம் தரும் வெற்று எழுத்தை எக்செல் கோட்டு வரைபடத்தில் சுழியமாக வரைந்து, கோடு தரையைத் தொட்டுவிட்டு மேலே ஏறும். வரைபடத்துக்குத் தனிப் பத்தி வைத்து அதில் காலிக்கு `NA()` போடுங்கள். தனிப் பத்தி எதற்கென்றால், `NA()` உள்ள பத்தியை `SUM` கூட்டாது, பிழையைத்தான் காட்டும்.

## 8. வெளியிடலாமா என்று முடிவு செய்யும் இடம்

கழிவுக்குத் திரும்புவோம். தெரிந்த 23 நாளின் கூட்டல் 2,870 கிலோ. மதிப்பீடு 378. மொத்தம் 3,248, இதில் மதிப்பீட்டின் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டுக்குச் சற்றுக் கீழே. நிலைப் பத்தி D-இல் இருந்தால் பங்கு இப்படி வரும்:

```
=SUMIFS(C2:C27,D2:D27,"மதிப்பீடு")/SUM(C2:C27)
```

மின் மீட்டர் போன்றவற்றுக்கு இந்தச் சூத்திரத்தைப் போட வேண்டாம். அங்கே நாள் எண்கள்தான் மதிப்பீடு, மொத்தம் அளந்தது.

பங்கு எத்தனை சதவீதம் வரை போகலாம் என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே வரம்பு எல்லா எண்ணுக்கும் பொருந்தாது. பார்க்க வேண்டியது, மதிப்பீட்டின் பிழை இந்த எண்ணை வைத்து எடுக்கப்போகும் முடிவை மாற்றுமா என்பதே. சென்ற மாதக் கழிவு 3,600. இந்த மாதம் 352 குறைவு. பிழை எவ்வளவு மோசமானாலும் 63. எனவே கழிவு குறைந்தது என்று துணிந்து சொல்லலாம், 3,250 என்று முழுமையாக்கி வெளியிடலாம். சென்ற மாதம் 3,300 ஆக இருந்திருந்தால் வித்தியாசம் 52 மட்டுமே, பிழைக்குள் அடங்கிவிடும். அப்போது எண்ணை வெளியிட்டாலும் ‘குறைந்தது’ என்ற சொல்லை எழுதக் கூடாது. இலக்கு 3,300 என்றாலும் அதே நிலைதான்: எட்டினோமா இல்லையா என்று இந்தத் தாளால் சொல்ல முடியாது.

எண்ணின் பக்கத்திலேயே ஒரு வரி வேண்டும்: ‘3 நாள் தராசு இல்லை, 378 கிலோ மதிப்பீடு, ஆயிரம் பெட்டிக்கு 42 கிலோ வீதம்.’ கடைசிப் பக்கத்து அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிப்பதில்லை. எண்ணை வேறொரு அறிக்கைக்கு எடுத்துச் செல்பவர் அதை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

## 9. தாமதமாக வரும் உண்மை எண்

தொலைந்த தாள் இரண்டு வாரம் கழித்து மேசை இழுப்பறையில் கிடைக்கும். அப்போது என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பொதுவாக, அடுத்த மாத அறிக்கை போகும் நாள் வரை திருத்தலாம், அதற்குப் பிறகு வருவதைக் குறித்து மட்டும் வைக்கலாம் என்று ஒரு கெடு இருந்தால் போதும். கெடு இல்லாவிட்டால் பழைய மாதங்கள் மாறிக்கொண்டே இருக்கும், ஒரே மாதத்துக்கு இரண்டு பேர் இரண்டு எண் சொல்வார்கள்.

திருத்தும்போது பழைய மதிப்பீட்டை அழிக்காமல் தனிப் பத்தியில் வையுங்கள். நிலையை ‘அளவு’ என்று மாற்றி, தேதியைக் குறியுங்கள். அடுத்த அறிக்கையில் ‘சென்ற மாதம் 17-ஆம் தேதி இரவு லைன் 2-இன் உற்பத்தி 485-க்குப் பதில் 478 எனத் திருத்தப்பட்டது’ என்று ஒரே வரி போதும்.

அந்தப் பழைய பத்திதான் பின்னாளில் பயன்படும். ஆறு மாதம் ஆனதும் மதிப்பிட்ட எண்ணையும் பிறகு வந்த உண்மை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழை இரு பக்கமும் சிதறியிருந்தால் முறை சரி. எல்லாம் ஒரே பக்கமாகத் தவறியிருந்தால், அந்தக் கட்டங்கள் காலியானதற்கும் எண்ணுக்கும் தொடர்பு இருந்திருக்கிறது, மூன்றாம் படியில் அது கண்ணில் படவில்லை என்று பொருள். அந்த எண்ணுக்கு மதிப்பீட்டை நிறுத்திவிட்டு, அந்தப் பதிவு எந்த ஷிப்டில், யார் கையில் விடுபடுகிறது என்று நேரில் போய்ப் பாருங்கள்.